பொய் நண்பர் பட்டியலை மூடி வையுங்கள், பிள்ளை ஊகித்து வாசிக்கட்டும்

உயர்தரத்துக்குப் பிரெஞ்சு எடுத்திருக்கும் பிள்ளைகளின் பெற்றோருக்கும், சுற்றுலா வழிகாட்டி வேலையை எதிர்பார்த்துப் பிரெஞ்சு படிக்கும் தம்பிமாருக்கும் இதை எழுதுகிறோம். கொஞ்சம் நீளம்தான். ஆறுதலாக வாசியுங்கள்.

இப்போது நம் பக்கத்து வகுப்புகளில் ஒரு சட்டம் ஓடுகிறது. பிரெஞ்சுப் பந்தியில் தெரியாத சொல் வந்தால் இங்கிலீஷை வைத்து ஊகிக்கக் கூடாதாம். அகராதியைப் பார்க்க வேண்டுமாம். இல்லாவிட்டால் சேரிடம் கேட்க வேண்டுமாம். கூடவே ஒரு போட்டோக் கொப்பியும் கொடுக்கிறார்கள். பக்கம் பக்கமாக "பொய் நண்பர்கள்", அதாவது இங்கிலீஷ் சொல் போலவே இருந்து வேறு கருத்துத் தருகிற பிரெஞ்சுச் சொற்கள். பிள்ளை அதைப் பாடமாக்கி முடித்த பிறகு எந்தச் சொல்லைக் கண்டாலும் பயம். நாலு வரிப் பந்திக்கு அகராதியைப் பதினைந்து தடவை திறக்கிறது. பரீட்சை மண்டபத்துக்குள் அகராதி வராது என்பதை யாரும் யோசிப்பதாகத் தெரியவில்லை.

இந்தத் தடை பிழை என்கிறோம். ஊகிப்பது வாசிப்பின் ஒரு பகுதி. அதைக் கற்பிக்க வேண்டியது ஆசிரியரின் வேலை. கற்பிக்கத் தெரியாததால் தடை போடுகிறார்கள்.

ஏன் ஊகிக்க முடிகிறது என்பதை முதலில் பார்ப்போம். 1066இல் பிரான்சின் நோர்மண்டிப் பிரபு வில்லியம் இங்கிலாந்தைப் பிடித்தார். அதற்குப் பிறகு அரசவை, நீதிமன்றம், பெரிய இடத்து வீடு எல்லாவற்றிலும் பிரெஞ்சுதான். நீதிமன்ற வழக்குகளை இங்கிலீஷில் பேச வேண்டும் என்று சட்டம் வந்ததே 1362இல்தான். அந்த மூன்று நூற்றாண்டுகளிலும் அதற்குப் பின்னரும் உள்ளே வந்த பிரெஞ்சுச் சொற்கள் இங்கிலீஷ் அகராதியில் நாலில் ஒரு பங்குக்கும் மேல். கோர்ட், ஜட்ஜ், பிரிசன் எல்லாம் அந்த வழியில் வந்தவை. மாடு தொழுவத்தில் நிற்கும்போது இங்கிலீஷ்காரனின் சொந்தச் சொல்லான கவ், சட்டிக்கு வந்தவுடன் பிரெஞ்சுக்காரனின் சொல்லான பீஃப். மாட்டை வளர்த்தவன் யார், சாப்பிட்டவன் யார் என்பது அதிலேயே தெரிகிறது. ஆகவே இங்கிலீஷ் படித்த பிள்ளை பிரெஞ்சுப் பக்கத்தைத் திறக்கும்போது வெறுங்கையோடு போகவில்லை.

ஆனால் இது கண்ணின் வேலை, காதின் வேலை அல்ல. "லு கூவெர்னமோன் ஆ அனோன்ஸே" என்று யாராவது சொன்னால் ஒன்றும் பிடிபடாது. அதே சொற்களை எழுத்தில் பாருங்கள். முதலாவது கவர்ன்மென்ட், நடுவில் ஒரு யூவும் ஒரு ஈயும் மட்டும் கூட. இரண்டாவது அனவுன்ஸ், அறிவித்தது. உச்சரிப்பு இரு பக்கமும் ஓடிவிட்டது, எழுத்து பழைய இடத்திலேயே நிற்கிறது. அதனால்தான் வாசிப்பில் கிடைக்கும் இந்த உதவி கேட்டல் பயிற்சியில் கிடைப்பதில்லை. வாசிக்கும்போது பிள்ளை சொல்லை வாய்விட்டு உச்சரிக்காமல் முதலில் பார்க்க வேண்டும் என்று நாங்கள் சொல்வதும் இதனால்தான்.

பார்க்கத் தெரிந்தால் இன்னும் ஒரு படி போகலாம். பிரெஞ்சில் சில உயிரெழுத்துகளின் மேல் வீட்டுக் கூரை மாதிரி ஒரு குறி இருக்கும். அந்தக் கூரைக்குக் கீழே பல இடங்களில் ஓர் எஸ் புதைந்திருக்கிறது. முற்காலத்தில் அந்த எஸ்ஸை எழுதினார்கள். பிறகு ஒலி மறைந்தது, எழுத்து மட்டும் மிஞ்சியது. 1740இல் வந்த பிரெஞ்சு அக்கடமியின் அகராதி, ஒலிக்காத அந்த எஸ்களைப் பெருமளவில் எடுத்துவிட்டுப் பல இடங்களில் கூரையைப் போட்டது. இங்கிலீஷ் அந்தச் சொற்களை எடுத்தது அதற்கு வெகுகாலம் முன்பு. ஆகவே இங்கிலீஷில் எஸ் இன்னும் பத்திரமாக இருக்கிறது. "ஓபித்தால்" என்ற சொல்லின் ஓவுக்கு மேல் உள்ள கூரையைக் கழற்றி எஸ் போடுங்கள், ஹொஸ்பிட்டல். "ஃபொரே"யில் போடுங்கள், ஃபொரெஸ்ட். "கோத்", கோஸ்ட், கடற்கரை. "தோம்பெத்", டெம்பெஸ்ட், புயல். "ஒனெத்", ஹொனஸ்ட். ஐந்து நிமிடப் பாடம் இது. அகராதிக்காரர்கள் இதை ஒரு நாளும் சொல்லிக் கொடுப்பதில்லை.

கூரை எல்லாம் எஸ் அல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். "நிச்சயம்" என்ற கருத்துள்ள "சூர்" என்ற சொல்லில் யூவின் மேல் கூரை இருப்பது, "மேலே" என்ற இன்னொரு "சூர்" சொல்லிலிருந்து பிரித்துக் காட்டத்தான். அங்கே எஸ் போட்டுப் பார்த்தால் எதுவும் வராது. வராவிட்டால் விட்டுவிட வேண்டியதுதான். 1990இன் எழுத்துத் திருத்தத்துக்குப் பிறகு ஐ, யூ இரண்டின் மேலும் பெரும்பாலான இடங்களில் கூரை கட்டாயமில்லை. புதிய புத்தகம் ஒன்றில் கூரையில்லாமல் கண்டால் அச்சுப் பிழை என்று நினைக்க வேண்டாம்.

சொல்லின் தொடக்கத்திலும் இதே கதைதான். நம் பெரியம்மா, மூத்தும்மா தலைமுறை ஸ்கூல் என்று சொல்லாது, "இஸ்கூல்" என்று சொல்லும். ஸ்டேசன் "இஸ்டேசன்". எஸ்ஸும் இன்னொரு மெய்யும் சேர்ந்து தொடங்கும்போது நாக்குக்கு முன்னால் ஓர் உயிர் தேவைப்படுகிறது. பிரெஞ்சுக்காரரின் முன்னோரும் அப்படியேதான் செய்தார்கள். "எஸ்கோல்" என்றார்கள். பிறகு எஸ்ஸைக் கைவிட்டார்கள், "எகோல்" மிஞ்சியது. ஆகவே பிரெஞ்சில் ஒரு சொல் சாய்கோடு போட்ட ஈயில் தொடங்கினால், அந்த ஈயை எடுத்துவிட்டு எஸ்ஸைப் போட்டுப் பாருங்கள். "எத்யூதியோன்", ஸ்டூடன்ட். "எதா", ஸ்டேட். "எபிஸ்", ஸ்பைஸ். "எபோன்ஜ்", ஸ்பொஞ்ச். வகுப்பில் மூத்தும்மாவின் இஸ்கூலைச் சொல்லித் தொடங்கினால் பிள்ளைகள் சிரிப்பார்கள், மறக்கவும் மாட்டார்கள்.

இனி அந்தப் போட்டோக் கொப்பிக்கு வருவோம்.

"பொய் நண்பர்கள்" என்ற பெயர் பரவியது, 1928இல் கெஸ்லெர், தெரொக்கிஞி என்ற இரண்டு பிரெஞ்சுக்காரர் எழுதிய புத்தகத்தால். அது மொழிபெயர்ப்பாளர்களுக்குச் சொன்ன புத்திமதி. மொழிபெயர்ப்பவருக்கு ஒரு சொல் பிழைத்தாலும் குற்றம். பந்தியின் கருத்தைப் பிடிக்கப் பார்க்கும் பதினேழு வயதுப் பிள்ளைக்கு அதே சட்டத்தைப் போடுவது, சைக்கிள் பழகுகிறவனுக்கு பஸ் சாரதியின் பரீட்சை வைப்பது போன்றது.

அந்தப் பட்டியலைத் திறந்தால் முதல் பக்கத்திலேயே பி-ஏ-ஐ-என் என்ற சொல் இருக்கும். இங்கிலீஷில் நோவு, பிரெஞ்சில் பாண். ஐயா, இவை இரண்டும் உறவே இல்லை. இங்கிலீஷ் நோவின் பிரெஞ்சுச் சொந்தம் "பென்" என்ற வேறொரு சொல். எழுத்து தற்செயலாக ஒத்துப் போயிருக்கிறது, அவ்வளவுதான். அதே போல எஃப்-ஓ-யூ-ஆர், இங்கிலீஷில் நாலு, பிரெஞ்சில் அடுப்புப் போரணை. இவற்றுக்குப் பயப்படத் தேவையே இல்லை. "காலையில் கடையில் நோவு வாங்கினேன்" என்று எந்தப் பிள்ளை எழுதிவிட்டு மேலே போகும்? வசனமே பிடித்துக் கொடுத்துவிடும்.

உண்மையான சொந்தமாக இருந்து கருத்து மட்டும் விலகிப் போனவை வேறு. இங்கிலீஷில் மகஸின் என்றால் சஞ்சிகை, பிரெஞ்சில் "மகஸான்" என்றால் கடை. இரண்டும் ஒரே வீட்டுப் பிள்ளைகள். அறபியில் களஞ்சியத்துக்கு மக்ஸன். அது இத்தாலி வழியாகப் பிரெஞ்சுக்குப் போய்ச் சரக்கு வைக்கும் இடமாகி, கடையானது. இங்கிலீஷுக்குப் போய் வெடிமருந்துக் களஞ்சியமாகி, பிறகு பல கட்டுரைகளைச் சேர்த்து வைத்த சஞ்சிகையானது. குர்ஆன் மத்ரஸாவில் அறபு படித்த நம் பிள்ளைக்கு இதைச் சொன்னால் இரண்டையும் ஒரே தடவையில் பிடித்துக்கொள்ளும். பட்டியலில் பாடமாக்கிய பிள்ளை இரண்டு கிழமையில் மறந்துவிடும்.

பயப்பட வேண்டியவை, பிழையான கருத்தைப் போட்டாலும் வசனம் இடறாமல் ஓடுகிற சொற்கள்தான். அவை கொஞ்சம்தான். மிக மோசமானது "பாஸே". இங்கிலீஷ் பாஸ் மாதிரியே இருக்கும். பிரெஞ்சில் "ஒருவர் பரீட்சையை பாஸே செய்தார்" என்றால் பரீட்சைக்குத் தோற்றினார் என்று மட்டும்தான் கருத்து, சித்தியடைந்தார் என்று அல்ல. சித்திக்கு "ரேயுஸிர்" என்று வேறு சொல் உண்டு. "அவர் சித்தியடைந்தார்" என்று வாசித்தாலும் வசனம் அழகாக ஓடும், எந்த இடறலும் இல்லை. இதே இனத்தில் "ரெஸ்தே": வீட்டில் ரெஸ்ட் எடுத்தார் அல்ல, வீட்டில் தங்கி நின்றார். "அஸிஸ்தே": கூட்டத்துக்கு உதவி செய்தார் அல்ல, சமுகமளித்தார். "லிப்ரெரீ": நூலகம் அல்ல, புத்தகக் கடை. "எவோன்த்யுவெல்மோன்": இறுதியில் அல்ல, ஒருவேளை. "சோன்ஸிப்ல்": புத்தியுள்ளவர் அல்ல, மனம் இலகுவில் நோகிறவர். பாடமாக்குவதென்றால் இவற்றைப் பாடமாக்குங்கள். பாணையும் போரணையையும் விட்டுவிடுங்கள்.

சொல்லிக்கொண்டே போகாமல் ஒரு பந்தியைச் செய்து பார்ப்போம். பிரெஞ்சுப் பத்திரிகைச் செய்தி பாணியில் நாங்களே எழுதியது. அதன் சரியான தமிழ் இது: "அரசாங்கம் நேற்று பெற்றோல் விலையேற்றத்தை அறிவித்தது. கரையோர மீனவர்கள் கவலையில் இருக்கிறார்கள். அவர்கள் தர்மம் கேட்கவில்லை, ஒரு தீர்வைக் கேட்கிறார்கள். தற்போது அவர்களின் கடிதங்களுக்கு யாரும் பதில் தருவதில்லை." பிரெஞ்சு வடிவம் மட்டும் கையில் உள்ள பிள்ளை என்ன செய்யும் என்று பாருங்கள்.

முதல் வசனத்தில் அரசாங்கமும் அறிவித்ததும் எழுத்திலேயே தெரிந்துவிடுகின்றன. "இயேர்" தெரியாது, விட்டுவிடலாம். "ஓக்மோன்தாஸியோன்" எழுத்தில் அப்படியே இங்கிலீஷ் ஓக்மென்டேஷன், கூடுதல். "ப்ரீ" எழுத்தில் பிரைஸுக்குக் கிட்ட, விலை. அடுத்து வருவது "எஸோன்ஸ்", எழுத்தில் எசன்ஸ். நம் வீட்டுப் பிள்ளைக்கு எசன்ஸ் என்றால் கேக்குக்கு விடும் வனிலா எசன்ஸ்தான். அரசாங்கம் வனிலா எசன்ஸ் விலையைக் கூட்டி அறிவிக்குமா? இங்கே வசனம் இடறுகிறது. இடறினால் நின்று யோசிக்க வேண்டும்: விலையை அரசாங்கம் அறிவிக்கிற, போத்தலில் ஊற்றக்கூடிய பொருள் என்ன? நம் நாட்டுப் பிள்ளைக்கு இதைச் சொல்லிக் கொடுக்கத் தேவையில்லை. பெற்றோல்.

இரண்டாவது வசனத்தில் ஒரு சொல், எழுத்தில் ஈயின் மேல் கூரையோடு, "பெஷெர்". எஸ் போட்டுப் பார்த்தாலும் பிள்ளைக்குத் தெரிந்த எந்த இங்கிலீஷ் சொல்லும் வராது. வராததை வலிந்து இழுக்கக் கூடாது. யாரோ சிலர் என்று வைத்துக்கொண்டு போக வேண்டும். (மீனவர் என்பது கருத்து. கூரைக்குப் பதிலாகச் சாய்கோடு போட்டால் அதே சொல் பாவி என்றாகிவிடும். பிரெஞ்சுக்காரருக்கும் இது பகிடிதான்.) அடுத்தது "கோத்", கூரை எஸ்ஸாகிறது, கோஸ்ட், கரையோரம். கடைசியில் "அன்கியே". இன் என்ற இல்லாமையும் குவைட் என்ற அமைதியும் சேர்ந்தது, அமைதியில்லாதவர்கள். கரையோரத்தில் யாரோ சிலர் பெற்றோல் விலையால் அமைதியிழந்திருக்கிறார்கள். அந்த "யாரோ" யார் என்பதும் இப்போது பாதி தெரிந்துவிடுகிறது, இல்லையா?

மூன்றாவது வசனத்தில் "துமோந்த்". டிமாண்ட் என்று எடுத்தால் கருத்து கிட்ட வரும், ஆனால் தொனி பிழைக்கும். இங்கிலீஷில் அது அதட்டிக் கேட்பது, பிரெஞ்சில் சாதாரணமாகக் கேட்பது. அந்தப் பிழையோடு வாசித்தால் மீனவர்கள் சண்டைக்கு வந்தவர்கள் போலத் தெரிவார்கள். இது ஒரு நாள் தெரியவரும், அதுவரை பந்தி புரியாமல் போகாது.

ஆபத்து நாலாவது வசனத்தில்தான். "அக்த்யுவெல்மோன்" தற்போது என்ற கருத்து, அக்சுவலி அல்ல. இது இடறாத சொல், எங்கள் சிறு பட்டியலில் சேர வேண்டியது. அதை அடுத்து "பெர்ஸோன்", எழுத்தில் பெர்சன், ஆள். பதில், கடிதம் இரண்டும் ரெஸ்பொண்ட், லெட்டர் என்று எழுத்திலேயே தெரிகின்றன. அவசரப்படுகிற பிள்ளை "உண்மையில் ஓர் ஆள் அவர்களின் கடிதங்களுக்குப் பதில் தருகிறார்" என்று எழுதிவிடும். முழுக்க நேர்மாறு. தவறவிட்டது எதை? "பெர்ஸோன்" பக்கத்தில் இரண்டே எழுத்தில் "ந" என்று ஒரு சிறிய சொல் இருக்கிறது. அது வந்தால் பெர்ஸோன் ஆள் அல்ல, ஒருவருமில்லை.

எங்கள் வாதத்தின் மையம் இந்த இடம்தான். ஊகம் பெரிய சொற்களுக்கு மட்டும் உதவும். வசனத்தைத் திருப்புகிற சிறிய சொற்களுக்கு இங்கிலீஷில் உதவுகிற சொந்தம் கிடைக்காது. இல்லை என்ற "ந", அதோடு சேர்ந்து வரும் "பா", இனிமேல் இல்லை என்ற "ப்ளூ", இல்லாமல் என்ற "சோன்", ஆனால் என்ற "மே", இருந்தும் என்ற "பூர்தோன்". இவற்றை ஊகிக்க முடியாது, ஊகிக்கவும் கூடாது. மனப்பாடத்துக்கு இடம் இங்கேதான். பொய் நண்பர் பட்டியலில் செலவழிக்கிற மாதங்களில் பாதியை இந்தச் சிறிய சொற்களுக்குக் கொடுத்திருந்தால் பிள்ளை அந்த நாலாவது வசனத்தில் விழுந்திருக்காது.

இன்னொரு கூட்டத்தையும் விட முடியாது. "இங்கிலீஷ் தெரியுமா, அப்போ பிரெஞ்சு மூன்று மாதம்" என்று போஸ்டர் ஒட்டுகிறவர்கள். இவர்கள் தடைக்காரருக்கு நேர் எதிர், ஆனால் நம் பிள்ளைக்குச் செய்யும் அநியாயம் ஒன்றுதான். பிரெஞ்சின் அன்றாடச் சொல்லுக்கு இங்கிலீஷில் கிடைக்கும் சொந்தம் பெரும்பாலும் அன்றாடச் சொல் அல்ல, புத்தகச் சொல். தொடங்குதல் பிரெஞ்சில் "கொமோன்ஸே". அதன் சொந்தம் பிகின் அல்ல, கொமென்ஸ். அறை "ஷோம்ப்ர்", சொந்தம் ரூம் அல்ல, சேம்பர். கொழும்பில் இங்கிலீஷ் மொழிமூலம் படித்த பிள்ளைக்கு கொமென்ஸும் சேம்பரும் தெரியும். தமிழ்மொழிமூலம் படித்து, கிழமைக்குச் சில பாடவேளை மட்டும் இங்கிலீஷ் படித்த நம் பிள்ளைக்கு பிகினும் ரூமும்தான் தெரியும். அதனிடம் "இது இங்கிலீஷ் மாதிரித்தானே" என்றால், இரண்டு மொழியிலும் தெரியாத ஒரு சொல்லைக் காட்டி வெட்கப்பட வைப்பதாகத்தான் முடியும்.

அதற்கு வழி இருக்கிறது. சொல்லின் நேர்ச் சொந்தத்தைத் தேடாமல், தமிழிலேயே நாம் நாளாந்தம் புழங்குகிற இங்கிலீஷ் சொற்களில் அதன் ஒன்றுவிட்ட சொந்தத்தைத் தேடச் சொல்லுங்கள். பல் பிரெஞ்சில் "தோன்", எழுத்தில் டி-ஈ-என்-டி. டீத் என்று பார்த்தால் வராது, டென்டிஸ்ட் என்று பார்த்தால் வரும். தூங்குவது "தோர்மிர்", ஹொஸ்டலில் இருந்த பிள்ளைக்கு டோர்மிட்டரி தெரியும். மரணம் "மோர்", வைத்தியசாலை மோர்ச்சரியை யாருக்குத் தெரியாது? வருடம் "ஓன்", எழுத்தில் ஏ-என், பள்ளிக்கூட ஆனுவல் ரிப்போர்ட்டில் ஒளிந்திருக்கிறது. இப்படித் தேடும்போது, புதிய இங்கிலீஷ் சொல் ஒன்றும் கூடவே வந்துவிடுகிறது. கொமோன்ஸேயைப் பிரெஞ்சில் படித்த பிள்ளை இங்கிலீஷ் வினாத்தாளில் கொமென்ஸைக் கண்டால் இனித் தடுமாறாது. கடன் இரண்டு பக்கமும் தீர்கிறது.

வீட்டில் பார்க்க விரும்பும் பெற்றோருக்குப் பிரெஞ்சு தெரிந்திருக்கத் தேவையில்லை. பிள்ளையின் பிரெஞ்சுக் கொப்பியைத் திறந்து வாசிப்புப் பந்தியைப் பாருங்கள். எல்லாச் சொல்லுக்கும் மேலே பென்சிலால் தமிழ் எழுதியிருந்தால் அகராதி வேலைதான் நடக்கிறது. ஒன்றுமே எழுதாமல் "விளங்கிவிட்டது" என்றால் அதையும் நம்ப வேண்டாம். ஊகித்த சொற்களுக்குக் கீழே ஒற்றைக் கோடு, ஊகித்தும் இடறிய சொல்லுக்கு வட்டம், விட்டுப் போன சொல்லுக்குச் சிறிய புள்ளி, இப்படிப் போடச் சொல்லுங்கள். பிறகு வட்டம் போட்டதையும், பந்தியின் கருத்துக்குக் கட்டாயம் தேவையான புள்ளியையும் மட்டும் அகராதியில் பார்க்கட்டும். நாலு வரிப் பந்தியில் அது இரண்டு மூன்று சொல்லைத் தாண்டாது. "ந", "சோன்", "ப்ளூ" போன்ற சிறிய சொல் ஒன்றின் மேல் புள்ளி இருந்தால் அன்றைக்கே வகுப்பு சேரிடம் போய்க் கேளுங்கள், அந்தப் பிள்ளைக்கு அது ஏன் இன்னும் படிப்பிக்கப்படவில்லை என்று.